‘ஒரு ப்ராஜெக்ட் கொடுங்கள் சார்’

இறுதியாண்டு மாணவர்கள் ஆலைகளில் வேலை பார்க்கும் சீனியர்களுக்கு இப்படி அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பெரும்பாலும் பதில் வராது. ஆலையில் இருப்பவரிடம் பிரச்சினைகள் நிறையவே உண்டு. அவற்றில் எதை ஒரு மாணவரால் நான்கு மாதத்தில் முடிக்க முடியும் என்று யோசிக்கத்தான் நேரமில்லை. அந்த யோசனையில் பாதியை நீங்களே செய்து அனுப்புங்கள்.

தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் ஒரு மாணவி, அரிசி ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் சீனியருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். டெல்டாவில் நெல் என்றால் முதல் பேச்சே ஈரப்பதம்தான். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை என்பது வழக்கமான வரம்பு. 2022 அக்டோபரில் மழையால் அதை 19 ஆகத் தளர்த்தினார்கள். ஆனால் ‘நெல்லின் ஈரப்பதம்’ என்று மட்டும் எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. இப்படிச் சுருக்கலாம்:

பொருள்: உலர்த்திய நெல்லில் ஈரப்பத அளவு, 15 நிமிடம் பேச முடியுமா?

வணக்கம் சார். நான் உங்கள் துறையில் இறுதியாண்டு மாணவி. உலர்த்தியிலிருந்து இறக்கிய நெல்லை உடனே அளந்தால் மீட்டர் குறைவாகவும், சில மணி நேரம் கழித்து அளந்தால் கூடுதலாகவும் காட்டுகிறது. உங்கள் ஆலையிலும் இப்படி நடக்கிறதா? எத்தனை மணி நேரம் கழித்து அளந்தால் நம்பலாம் என்று ஓவன் முறையோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். லாட்டுக்கு அரை கிலோ மாதிரி போதும். அறிக்கையில் ஆலையின் பெயர் வராது. இதைவிடத் தொல்லை தருவது வேறு இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வி சீனியரைத் தொடும். சூடான காற்றில் நெல்லின் மேற்புறம் முதலில் காய்கிறது, உள்ஈரம் மெல்லத்தான் வெளியே வருகிறது. அதுவரை மீட்டர் ஏமாறுகிறது. 19 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல் 17 சதவீதத்துக்கு வந்தால் எடை ஏறக்குறைய 24 கிலோ குறையும். இரண்டு சதவீதப் பிழைக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும்.

அனுப்பும் மாதமும் முக்கியம். மழையில் நனையும் குறுவை நெல் செப்டம்பர், அக்டோபரில் வரும். ப்ராஜெக்ட் பருவமோ ஜனவரியில்தான் தொடங்குகிறது. அப்போது கையில் கிடைப்பது சம்பா. குறுவை ஈரத்தைப் பற்றி ஜனவரியில் எழுதினால் சோதிக்க நெல்லே இருக்காது. நவம்பரிலேயே எழுதி, சம்பா அறுவடைக்குத் தயாராக இருங்கள்.

“அது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நொய் மாறுவதுதான் தலைவலி” என்று பதில் வந்தால் நல்லது, உண்மையான பிரச்சினை அதுதான். உங்கள் தலைப்பை விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: நொய் அளவை ஷிஃப்ட் வாரியாக யாராவது பதிவேட்டில் எழுதுகிறார்களா? எழுதினால் ஒரு மாதப் பக்கங்களைப் பார்க்க அனுமதியை மின்னஞ்சலிலேயே வாங்கி, வழிகாட்டிப் பேராசிரியருக்கும் நகல் அனுப்புங்கள். பதிவே இல்லையென்றால் முதல் மாதம் அளந்து எழுதுவதிலேயே போய்விடும். அதற்கேற்பப் பிரச்சினையை ஒரே இயந்திரம், ஒரே நெல் ரகம் என்று குறுக்கிக்கொள்ளுங்கள்.