படபடப்பு: அச்சமா, காப்பியா?

சிங்கப்பூர்க் காப்பிக்கடைகளில் கிடைக்கும் காப்பி கடுமையானது. பெரும்பாலும் ரொபஸ்டா வகைக் கொட்டைகளைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, அரைத்து, துணி வடிகட்டியில் வெந்நீர் ஊற்றி இறக்குவார்கள். அரபிக்கா வகையைவிட ரொபஸ்டாவில் ஏறத்தாழ இரு மடங்கு காஃபீன் உள்ளது. அதில் கெட்டிப்பாலைக் கலந்தால் கசப்பு மறையுமே தவிர, காஃபீன் குறையாது. இனிப்பாக இருப்பதாலேயே அதை மென்மையான பானம் என்று பலரும் எண்ணிக்கொள்கின்றனர்.

காஃபீன் உடலுக்குப் புதிதாக ஆற்றல் எதையும் தருவதில்லை. நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட, மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது மூளை அணுக்களில் தனக்குரிய இடங்களில் சென்று ஒட்டிக்கொள்ளும்போது நமக்குக் களைப்பும் உறக்கமும் வருகின்றன. காஃபீனின் வடிவம் அடினோசினை ஓரளவு ஒத்திருக்கிறது. அதனால் அது முந்திக்கொண்டு அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. களைப்பு தீர்வதில்லை; களைப்பைப் பற்றிய செய்திதான் மூளைக்குப் போய்ச் சேருவதில்லை.

அடினோசினுக்கு வேறு பணிகளும் உண்டு. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். இதயத் துடிப்பை அமைதிப்படுத்தும். அதன் வேலை தடைபட்டால் குழாய்கள் சற்றே இறுகும். அட்ரினலினும் கூடுதலாகச் சுரக்கும். வழக்கமாகக் காப்பி குடிக்காத ஒருவர் ஒரு கோப்பை குடித்தால், ஒரு மணி நேரத்திற்குள் அவருடைய இரத்த அழுத்தம் 5 முதல் 10 புள்ளி வரை உயரக்கூடும். சில மணி நேரத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நாள்தோறும் குடிப்பவர்களுக்கு உடல் பழகிவிடுவதால் இந்த உயர்வு குறைவாகவே இருக்கும். காப்பி குடித்து அரை மணி நேரமாவது ஆன பிறகே இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும் என்று மருந்தகங்களில் சொல்வதற்கு இதுவே காரணம்.

காப்பி இதயத்தைக் கெடுத்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். நலமாக உள்ள பெரியவர்கள் அளவோடு குடித்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று இல்லை. ஆயினும், சிலருக்குத் துடிப்பு விரைவாகும். சிலருக்கு இடையில் ஒரு துடிப்பு விட்டுப்போனது போலவும் அடுத்த துடிப்பு நெஞ்சில் ஓங்கித் தட்டுவது போலவும் தோன்றும். இயல்பான துடிப்புக்கு முன்பாகவே ஒரு கூடுதல் துடிப்பு வந்துவிடுவதால் ஏற்படும் உணர்வு அது. பெரும்பாலும் தீங்கற்றதுதான் என்றாலும், அதை உணர்பவருக்கு அச்சமாகத்தான் இருக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நாம் அஞ்சும்போது இதயம் விரைந்து துடிக்கிறது, கை நடுங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. காஃபீன் மிகுந்தாலும் உடலில் இதே மாற்றங்கள்தாம் நிகழும். உடல் இப்படி இருக்கும்போது மூளை அதற்கொரு காரணத்தைத் தேடும். தேர்வு நெருங்கும் வேளையில் அந்தக் காரணம் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. காப்பியால் வந்த படபடப்பைத் தேர்வு அச்சம் என்று எண்ணினால், அந்த எண்ணமே உண்மையான அச்சத்தை வளர்த்துவிடும். ஏற்கெனவே பதற்றம் மிகுந்தவர்களுக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும்.

50 கிலோகிராம் எடையுள்ள ஓர் உயர்நிலை நான்கு மாணவியை எண்ணிப் பார்ப்போம். தேர்வுக் காலத்தில் அவள் காலை ஆறு மணிக்குக் காப்பிக்கடைக் காப்பி ஒரு கோப்பை குடிக்கிறாள். மாலை நான்கு மணிக்கு ஊக்கபானம் ஒரு டின். இரவு ஒன்பது மணிக்கு இரண்டு தேக்கரண்டி உடனடிக் காப்பித்தூளைக் கலந்து இன்னொரு கோப்பை. காலைக் காப்பியில் 100 மில்லிகிராம் காஃபீன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 250 மில்லிலிட்டர் ஊக்கபானத்தில் ஏறத்தாழ 80, இரவுக் காப்பியில் ஏறத்தாழ 120. ஆக மொத்தம் 300 மில்லிகிராம்.

இளையர்கள் ஒரு நாளில் தங்கள் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 3 மில்லிகிராம் வரை காஃபீன் உட்கொள்ளலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ஆம் ஆண்டு தெரிவித்தது. அந்தக் கணக்குப்படி இம்மாணவிக்குரிய எல்லை 150 மில்லிகிராம். அவள் அதைப்போல் இரு மடங்கு குடிக்கிறாள்.

அளவைவிட நேரம் அவளை அதிகம் வருத்துகிறது. உட்கொண்ட காஃபீன் பாதியாகக் குறையப் பெரும்பாலோர்க்கு ஐந்து மணி நேரம் வேண்டும். ஒன்பது மணிக்குக் குடித்த 120, அதிகாலை இரண்டு மணிக்கு 60 ஆகிறது. நான்கு மணிக்குக் குடித்த 80, ஒன்பது மணிக்கு 40 ஆகி, இரண்டு மணிக்கு 20 ஆகிறது. எனவே, அதிகாலை இரண்டு மணிக்கும் அவள் உடலில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் எஞ்சியிருக்கிறது. படுக்கையில் அமர்ந்து ஓர் ஊக்கபானத்தைக் குடித்ததற்கு இது சமம். அவள் உறக்கமின்றிப் புரள்கிறாள். மறுநாள் சோர்வைப் போக்க மீண்டும் காப்பியையே நாடுகிறாள்.

படபடப்புக்குக் காரணம் அச்சமா, காப்பியா என்று அவள் எப்படி அறிவது? ஒரு வாரம் குறிப்பெழுதினால் போதும். என்ன குடித்தாள், எத்தனை மணிக்குக் குடித்தாள், எப்போது படபடத்தது என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். குடிப்பதற்கு முன்பும் குடித்து ஒரு மணி நேரம் கழித்தும், அமர்ந்த நிலையில் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். காப்பிக்குப் பின் ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே பெரும்பாலும் படபடப்பு வந்தால், அதிலும் பாடநூலைத் தொடாத விடுமுறை நாளிலும் வந்தால், காரணத்தைத் தேர்வின்மேல் போட முடியாது. கை நடுக்கம், இரவில் உறக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், காப்பி இல்லாவிட்டால் தலைவலி ஆகியவையும் குறைக்க வேண்டும் என்பதற்கான அறிகுறிகளே.

ஒரேயடியாக நிறுத்துவது நல்லதன்று. பழகிய உடலுக்குத் திடீரெனக் காஃபீன் கிடைக்காவிட்டால் 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலி தொடங்கும், சோர்வும் சேர்ந்துகொள்ளும். தேர்வுக்கு முதல் நாள் காப்பியை விட்டவர்களுக்கு இது நன்கு தெரிந்திருக்கும்! முதலில் இரவுக் காப்பியை ஒரு தேக்கரண்டித் தூளாகக் குறைத்து, சில நாள்களில் அதை விட்டுவிடலாம். பிறகு ஊக்கபானத்தை நிறுத்தலாம். காலையில் காப்பிக்கடையில் 'கோப்பி போ' என்று கேட்டால், காப்பிச் சாற்றைக் குறைத்து வெந்நீரைக் கூட்டித் தருவார்கள். அடுத்த வாரத்துக் குறிப்பை முதல் வாரத்துக் குறிப்போடு ஒப்பிட்டால் விடை தெரியும்.

காப்பியைக் குறைத்த பிறகும் படபடப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். குறிப்பேட்டையும் எடுத்துச் சென்றால் அவருக்கு உதவியாக இருக்கும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றோடு படபடப்பு வந்தாலோ உடற்பயிற்சியின்போது வந்தாலோ குறிப்பெழுதிக் காத்திருக்காமல் உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவ உதவியை நாட வேண்டும்.