வாரத்தில் ஒரே நாள்: வீடு திரும்பும்போது தரப்படும் மருந்துத் தாள்

முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் பெறுபவரின் ஆங்கிலத் தாளில், ‘7.5 மி.கி., வாரம் ஒருமுறை’ எனும் பொருளில் ஒரு வரியே இருக்கும். அதனை ‘வாரம் ஒரு வேளை’ என்று தமிழாக்கினால் போதாது. ‘ஒரு வேளை’ என்றதும், பிற மாத்திரைகளைப் போலத் தினமும் என்று கொள்வோர் உண்டு. இம்மருந்தை நாள்தோறும் விழுங்கினால் இரத்த அணுக்களின் உற்பத்தி குன்றி, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே அத்தகைய தாளில் நாங்கள் இவ்வாறு எழுதுகிறோம்:

“மெத்தோட்ரெக்சேட் 2.5 மி.கி. மாத்திரை: ஞாயிறு இரவு மட்டும் 3 மாத்திரைகள் (மொத்தம் 7.5 மி.கி.). மற்ற ஆறு நாள்களும் இம்மருந்து கூடாது. ஃபோலிக் அமிலம் 5 மி.கி.: செவ்வாய் இரவு மட்டும் 1 மாத்திரை.”

எண்ணிக்கையோடு மில்லிகிராமையும் குறிப்பதற்குக் காரணம் உண்டு. மன்னார்புரத்துக் கடையில் மறுமுறை வாங்கும்போது 7.5 மி.கி. மாத்திரையே கிடைக்கலாம். பழைய பழக்கத்தில் மூன்றை விழுங்கினால் 22.5 மி.கி. ஆகிவிடும். அட்டையில் அச்சிட்ட எண் தாளோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், விழுங்குமுன் எங்களிடம் கேளுங்கள்.

‘பக்கவிளைவு தோன்றினால் அணுகவும்’ என்பதும் தெளிவற்றது. எங்கள் வாசகம் இது: “வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல், வறட்டு இருமல், இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அடுத்த மாத்திரையை விழுங்காமல் அன்றே மருத்துவமனைக்கு வரவும்.”

வீடு திரும்புமுன் உடனிருப்பவரிடம் நாங்கள் கேட்பது ஒன்றே: “திங்கட்கிழமை எத்தனை மெத்தோட்ரெக்சேட்?” “ஒன்றும் இல்லை” என்று விடை வந்த பின்னரே தாளில் கையொப்பமிடுகிறோம்.