விலகும் நாளின் கணக்கைச் சேரும் நாளிலேயே எழுதி வாங்குங்கள்

தலவிலயிலிருந்து கொழும்புக்குப் போய், ஒரு கம்பனியின் உயர் நிர்வாகியாகக் கையெழுத்திடும் நிலைக்கு வந்திருக்கிறீர்களா? சம்பளத் தொகையைப் பிறகு பாருங்கள். முதலில் விலகல் பக்கத்தைப் புரட்டுங்கள்.

இந்தியாவின் இன்போசிஸ் கம்பனியின் நிதித் தலைவர் ராஜீவ் பன்சால் 2015 ஒக்டோபரில் விலகியபோது, 24 மாதச் சம்பளமாக 17.38 கோடி இந்திய ரூபாய் தருவதாக ஒப்பந்தம் இருந்தது. 5.2 கோடி கொடுத்த பிறகு கம்பனி மிச்சத்தை நிறுத்தியது. நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தியே அந்தத் தொகையைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 2018 செப்டெம்பரில்தான் நடுவர் மன்றம் 12.17 கோடியையும் வட்டியையும் கொடுக்கச் சொன்னது. கொடுத்த 5.2 கோடியைத் திருப்பிக் கேட்ட கம்பனியின் எதிர்வாதமும் தள்ளுபடியானது. கையில் ஒப்பந்தம் இருந்தவருக்கே ஏறத்தாழ மூன்று வருட இழுபறி.

செய்ய வேண்டியவை

- விலகல் கொடுப்பனவுக்கு யார் யார் அனுமதி தந்தார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பன்சால் விடயத்தில் ஊதியக் குழுவினதும் கணக்காய்வுக் குழுவினதும் முன் அனுமதி எடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டு இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்துநரான செபி வரை போனது. 2019இல் இன்போசிஸ் 34.34 இலட்சம் இந்திய ரூபாய் கட்டி அதைத் தீர்த்துக்கொண்டது. நம் நாட்டிலும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பணிப்பாளர் ஒருவரின் பதவி இழப்புக்கான நட்டஈடு கம்பனிக்கு நியாயமானது என்று பணிப்பாளர் சபை திருப்தியடைய வேண்டும். சபைத் தீர்மானத்தின் பிரதியைக் கேளுங்கள்.

- 'நல்ல விலகல்', 'கெட்ட விலகல்' எவை என்று பெயர் சொல்லிப் பட்டியலிடச் சொல்லுங்கள். பணம் உடைவது இங்கேதான். மூன்று வருடத் திட்டத்தில் உங்களுக்கு 9,000 செயல்திறன் பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்தில் பதவி நீக்கப்பட்டால், நல்ல விலகலில் வழக்கமாகக் காலவிகிதப்படி 6,000 பங்குகள் மிஞ்சும். அதுவும் மூன்றாம் வருட இறுதியில் இலக்குச் சோதனைக்குப் போகும். இலக்குப் பாதிதான் எட்டியிருந்தால் 3,000. கெட்ட விலகல் என்று முத்திரை விழுந்தால் பூச்சியம். நோய், மரணம், பதவி ஒழிப்பு, கம்பனி கைமாறுதல் ஆகிய நான்கும் நல்ல பக்கத்தில் இருக்கட்டும்.

- இலக்கு எதனோடு ஒப்பிடப்படுகிறது என்று கேளுங்கள். பங்கு விலையை மட்டும் வைத்தால், நாட்டு நெருக்கடியில் சந்தை விழுந்த வருடம் உங்கள் உழைப்பு காணாமல் போகும். அதே துறைக் கம்பனிகளோடு ஒப்பிட்டால் அந்த ஆபத்துக் குறையும்.

- பணிக்கொடை இந்தத் தொகைக்கு உள்ளேயா வெளியேயா என்று எழுதச் சொல்லுங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் தனியாக உண்டு. பேரம் பேசி வாங்கிய தொகைக்குள் அதைக் கரைத்துவிட இடம் கொடுக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

- ஒதுக்கிய பங்கை உங்கள் சொத்தாக எண்ணிக் கடன் வாங்காதீர்கள். வெஸ்டிங் நாள் வரும்வரை அது வெறும் வாக்குறுதி. அந்த நாளுக்கு முன் ராஜினாமா செய்தால் பெரும்பாலான திட்டங்களில் எல்லாம் போகும்.

- 'சபையின் தற்றுணிபுப்படி' என்ற சொல்லை எல்லையில்லாமல் விடாதீர்கள். நீங்கள் எட்டிய இலக்குக்கான கொடுப்பனவையும் குறைக்க அது இடம் தரும். எந்தக் காரணத்துக்காகக் குறைக்கலாம், எவ்வளவு நாளுக்குள் காரணம் எழுத்தில் தர வேண்டும் என்று வரையறுக்கச் சொல்லுங்கள்.

- திருப்பிப் பிடிக்கும் விதியை, அதாவது க்ளோபேக்கை, வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். கணக்குத் தவறு என்று பிறகு தெரிந்தால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம். அது எத்தனை வருடம் உங்களைத் துரத்தும், உங்கள் தவறு இல்லாதபோதும் பொருந்துமா என்று பாருங்கள். நியாயமான விதிதான், எல்லை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

- வரியை மறக்காதீர்கள். பங்கு கைக்கு வரும்போதே அதன் பெறுமதி தொழில் வருமானமாகக் கணக்கிடப்படலாம், ஆனால் கையில் காசு இருக்காது. வரிக்கு வேண்டிய அளவை அன்றே விற்க அனுமதி கேளுங்கள். உயர் நிர்வாகிகளுக்கு விற்பனைத் தடைக்காலங்களும் உண்டு.

- வாக்குறுதியை வாய்மொழியாக ஏற்காதீர்கள். உங்களைச் சேர்த்தவர் முதலில் விலகிப் போகலாம்.

- இரகசியக் காப்பு, போட்டித்தடை நிபந்தனைகளைக் கடைசி நாளில் ஏற்காதீர்கள். விலகல் பணத்தைத் தருமுன் புதிய தாள் நீட்டப்படும். மீறினால் மிச்சத் தவணை நிற்கும் என்று அதில் இருக்கும். சட்டத்தரணி வாசித்து முடிக்கும் வரை பேனாவை எடுக்காதீர்கள், அவருக்கான கட்டணத்தைக் கம்பனியே தரும்படி இன்றே கேட்டு வையுங்கள்.