எப்போதும் குறைவாகவே காட்டும் இரத்த அழுத்தம்

மெலிந்த உடல்வாகு கொண்ட இளைஞர்களுக்கு இரத்த அழுத்தம் 90/60 என்ற அளவில் இருப்பது பல வேளைகளில் இயல்பே. தலைசுற்றலோ சோர்வோ இல்லாதவர்களுக்கு அதற்கென மருந்து தேவையில்லை. ஒல்லியான கையில் பெரிய பட்டையைச் சுற்றி அளந்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் சோர்வும் தலைசுற்றலும் சேர்ந்திருந்தால், "எனக்கு எப்போதும் லோ பி.பி.தான்" என்று விட்டுவிடலாகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாள்தோறும் இராஜபாளையம் நூற்பாலைக்கு வேலைக்குச் செல்லும் 24 வயது இளைஞர் ஒருவர். எடை 46 கிலோ. ஆறு மாதங்களில் 6 கிலோ குறைந்துள்ளது. ஷிப்டில் நெடுநேரம் நிற்கும்போது கண் இருட்டுகிறது. ஆலையின் வெப்பமும் வியர்வையும் காரணம் என்று எண்ணி, உப்பிட்ட மோர் அருந்தி வந்தார். அது சற்றே உதவியது.

அவரை 5 நிமிடம் படுக்கவைத்து, சிறிய பட்டையால் அளந்தபோது 98/62, நாடித்துடிப்பு 76. எழுந்து நின்ற 3ஆம் நிமிடத்தில் 74/50, துடிப்பு 112. நின்றபின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது இயல்பன்று. நீரிழப்பு, இரத்தப்போக்கு, சில மருந்துகள் ஆகியவை இதன் பொதுவான காரணங்கள். சோர்வுக்கு இரத்தசோகையும் காரணமாகலாம். ஆயினும் அவருடைய ஹீமோகுளோபின் 13, வயிற்றுப்போக்கு இல்லை, மருந்து எதுவும் உட்கொள்ளவில்லை.

அப்போதுதான் மற்றோர் அறிகுறி கண்ணில்பட்டது. உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுத்திருந்தன. ஊறுகாய் மீதும் உப்பு மீதும் தீராத ஆசை இருந்ததையும் அவர் கூறினார். இரத்தத்தில் சோடியம் 126, பொட்டாசியம் 5.7. காலை 8 மணிக்கு எடுத்த கார்ட்டிசோல் அளவு மிகக் குறைவு. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் செயலிழப்பதே காரணம். 1855இல் தாமஸ் அடிசன் விவரித்த இந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. நம் நாட்டில் காசநோயும் இச்சுரப்பிகளை அழிக்கக்கூடும். எனவே அதற்கான பரிசோதனையும் அவசியம்.

குறைந்துபோன ஹார்மோன்களை மாத்திரையாக நாள்தோறும் அளித்தால் அழுத்தமும் எடையும் மீளும். ஆனால் அம்மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் மருத்துவர் கூறியபடி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிடில் உடனே மருத்துவமனைக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்நோய் அரிது, குறைந்த அழுத்தமுள்ள மெலிந்தோரில் பெரும்பாலோருக்கு இது இராது. எனினும் நிற்கும்போது அழுத்தம் இறங்குதல், எடை குறைதல், தோல் கறுத்தல், உப்பு வேட்கை ஆகியவை ஒருங்கே தோன்றினால், பரிசோதனைக்குத் தாமதிக்காதீர்கள்.