பூச்சிகொல்லி நஞ்சு: மூச்சு வழியைக் காக்கும் முதற் செவிலிப்பணி

1958ஆம் ஆண்டில் கேரளத்தில் கோதுமை மாவு உண்ட பலர் திடீரென நோயுற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பலில் மாவுடன் ஏற்றப்பட்டிருந்த பாரத்தியான் என்னும் பூச்சிகொல்லி கசிந்து மாவிற் கலந்ததே அதற்குக் காரணம். பாரத்தியான் கரிம பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தது. அதே வகையைச் சேர்ந்த வேறு பல மருந்துகள் இன்றும் பருத்தி, நெல், காய்கறிப் பயிர்களுக்குத் தெளிக்கப்படுகின்றன. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு இந்நஞ்சு உண்ட நோயாளி வரும்பொழுது, முதல் அரைமணி நேரத்தில் செவிலியர் செய்வதே பெரும்பாலும் அவர் உயிரைத் தீர்மானிக்கிறது.

நரம்புகள் தசைகளையும் சுரப்பிகளையும் ஏவுவதற்கு அசிட்டைல்கோலின் என்னும் பொருளைப் பயன்படுத்துகின்றன. ஏவல் முடிந்தவுடன் கோலினெஸ்ட்டரேஸ் என்னும் நொதி அப்பொருளைச் சிதைத்துவிடும். கரிம பாஸ்பரஸ் நஞ்சு இந்நொதியை முடக்குவதால் ஏவல் ஓய்வின்றித் தொடர்கிறது. கண்பாவை ஊசிமுனைபோற் சுருங்கும். வாயில் நுரையும் உமிழ்நீரும் பெருகும். உடல் வியர்த்து நனையும். வாந்தியும் பேதியும் உண்டாகும். தசைகள் தோலுக்கடியில் துடிக்கும். இவை யாவற்றிலும் கொடியது நுரையீரலுக்குள் நீர் சுரந்து தேங்குவதாகும். நோயாளி தன் சுரப்பிலேயே மூழ்குகிறார் எனலாம். ஆகவே இரைப்பையைக் கழுவுவதன்று, மூச்சு வழியைக் காப்பதே முதல் வேலை.

நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைப்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தவேண்டும். இந்நிலையில் வாயிலுள்ள நீரும் வாந்தியும் வெளியே வழியும்; மூச்சுக்குழலுக்குள் இறங்கா. தாடையை முன்னே தூக்கி, உறிஞ்சு கருவியால் வாயையும் தொண்டையையும் துடைக்கவேண்டும். ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து நொடிகளுக்குமேல் உறிஞ்சலாகாது. இடையே பிராணவாயு கொடுக்கவேண்டும். மூச்சு மேலோட்டமானால் முகமூடிப் பையினால் ஐந்து அல்லது ஆறு நொடிக்கு ஒரு மூச்சு ஊட்டவேண்டும். உப்பு நீரோ சோப்பு நீரோ குடிப்பித்து வாந்தி எடுக்கச் செய்யும் வழக்கம் தீங்கானது. மருந்திற் கலந்துள்ள மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் நுரையீரலிற் புகுந்தால் அதுவே வேறொரு நோயாகும்.

மற்றொரு பணியாளர் ரப்பர் கையுறை அணிந்து, நோயாளியின் உடைகளைக் களைந்து பையிற் கட்டிவைத்து, தலைமுடி உட்பட உடலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவவேண்டும். அறையின் சாளரங்கள் திறந்திருக்கவேண்டும். நஞ்சுக் குப்பியைக் கொண்டுவருமாறு உறவினரிடம் கேட்கவேண்டும். அதன் சீட்டில் மருந்தின் பெயரும் மாற்று மருந்தும் அச்சிடப்பட்டிருக்கும். இது வீண் விசாரணையன்று. குப்பியில் இருந்தது பாராகுவாட் என்னும் களைக்கொல்லியாயின், தேவைக்கு மேற்பட்ட பிராணவாயுவே நுரையீரலைக் கெடுத்துவிடும்.

கரிம பாஸ்பரஸ் நஞ்சின் நுரையீரற் சுரப்பை நிறுத்துவது அட்ரோபின். பிராணவாயு உருளை இல்லை என்பதற்காக அதனைத் தாமதிக்கலாகாது. அது கொடுக்கப்படும் முறையை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம்.

பருத்தி விளையும் ஊரொன்றிலிருந்து ஏறக்குறைய 50 கிலோ எடையுள்ள உழவர் ஒருவர் மாலை 7.10க்குக் கொண்டுவரப்படுகிறார். வேறு புட்டியில் ஊற்றிவைக்கப்பட்டிருந்த புரோபெனோபாஸ் மருந்தை அவர் தவறிக் குடித்துவிட்டார். நாடி 52, இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 80, அக்குள் நனைந்துள்ளது, மார்பின் இருபுறமும் நீர்க்குமிழி ஒலி கேட்கிறது. மூச்சு வழியைத் துடைத்தபின், மருத்துவரின் கட்டளைப்படி 0.6 மில்லிகிராம் கொண்ட அட்ரோபின் குப்பிகள் மூன்று சிரைவழி செலுத்தப்படுகின்றன. ஐந்து நிமிடம் கழித்து மார்பிற் செவிமடுத்தால் மாற்றமில்லை. எனவே அளவு இரட்டிக்கப்பட்டு 6 குப்பிகள். 7.20க்கும் ஒலி குறையவில்லை, 12 குப்பிகள். 7.25க்கு நாடி 96, அழுத்தம் 100. குமிழி ஒலி அடிப்பகுதிகளில் மட்டும் சிறிதளவு உள்ளது. குணம் தொடங்கிவிட்டதால் இனி இரட்டிக்கவேண்டியதில்லை. 6 குப்பிகள் போதும். 7.35க்கு மார்பு தெளிவாகவும் அக்குள் உலர்ந்தும் இருக்கின்றன. மொத்தம் 27 குப்பிகள், அதாவது 16.2 மில்லிகிராம்.

மயக்க மருத்துவத்தில் ஒரு குப்பி, இரண்டு குப்பி கொடுத்துப் பழகியவருக்கு இவ்வளவு அச்சமூட்டும். அந்த அச்சத்தாற் பாதியில் நிறுத்துவதே பெரும்பிழை. எப்பொழுது நிறுத்துவது என்பதை மார்பே கூறவேண்டும்: நுரையீரல் தெளிவாதல், நாடி 80க்கு மேற்படல், மேல் அழுத்தம் 80க்கு மேற்படல், அக்குள் உலர்தல். கண்பாவை விரிவதற்காகக் காத்திருக்கலாகாது. அது தாமதமாகவே மாறும். தொடக்கத்தில் நாடி வேகமாக இருந்தாலும், மார்பில் நீர் இருந்தால் அட்ரோபின் தேவையே. மாறாக, அக்குளும் வாயும் உலர்ந்தபின் ஒருபுறத்தில் மட்டும் குமிழி ஒலி எஞ்சினால், வாந்தி நுரையீரலிற் புகுந்திருக்கலாம் என ஐயுறவேண்டும். மேலும் அட்ரோபின் கொடுத்து அதனைப் போக்க இயலாது.

நஞ்சு உடலில் எஞ்சியிருக்க அட்ரோபின் தீர்ந்துவிடுமாதலால், மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை மணிதோறும் தொடர்ந்து செலுத்தப்படும். இவ்வுழவருக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது மணிக்கு 1.6 மில்லிகிராம். 500 மில்லிலிட்டர் உப்பு நீரில் 16 குப்பிகளைக் கலந்து ஆறு மணி நேரம் செலுத்தினால் இவ்வளவு கிடைக்கும். மில்லிலிட்டருக்கு 20 துளி விழும் குழாயாயின் நிமிடத்திற்கு ஏறக்குறைய 28 துளிகள். முதல் ஒரு மணி நேரம் கால்மணிக்கு ஒருமுறையும், பின்னர் மணிக்கு ஒருமுறையும் மார்பு, நாடி, அழுத்தம், மூச்சின் எண்ணிக்கை, பிராணவாயுச் செறிவு, அக்குள், உடல் வெப்பம், குடல் ஒலி ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். குமிழி ஒலியும் வியர்வையும் மீண்டால் அட்ரோபின் போதவில்லை. உடல் கொதித்து, குடல் ஒலி நின்று, நோயாளி பிதற்றித் துணியைப் பிடுங்கினால் மிகுந்துவிட்டது. துளியை நிறுத்தி மருத்துவருக்கு அறிவிக்கவேண்டும். குறிகள் தணிந்தபின் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கப்படும்.

இரண்டாம் அபாயம் ஓசையின்றி வருவது. மார்பு தெளிந்து, நோயாளி பேசத் தொடங்கி, உறவினர் வீடு திரும்ப எண்ணும் வேளையில், அதாவது ஒரு நாள் முதல் நான்கு நாட்களுக்குள், மூச்சுத் தசைகள் தளரக்கூடும். இதற்கு அட்ரோபின் உதவாது. செயற்கை மூச்சே வழி. இலங்கை மருத்துவர் இருவர் 1987ஆம் ஆண்டில் இந்நிலையைத் தனியே பிரித்து விவரித்தனர். இதன் முதற்குறியைக் காணக் கருவி வேண்டா. மல்லாந்து படுத்த நோயாளியைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்குமாறு சொல்லி, அவர் நெற்றியில் விரல்களை மெல்ல அழுத்தவேண்டும். காலையில் எதிர்த்துத் தூக்கியவர் மாலையில் தூக்க இயலாவிடில், மூச்சு இன்னும் சீராகத் தோன்றினாலும், செயற்கை மூச்சுக் கருவி உள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்பவேண்டும்.

கடுமையான நோயாளி எவராயினும் முதல் நிலை சீரானவுடன் அனுப்பப்படவேண்டியவரே. வண்டியில் அவரை ஒருக்களித்தே படுக்கவைக்கவேண்டும். உறிஞ்சு கருவி, முகமூடிப் பை, ஓடும் துளி, கையிருப்பாக அட்ரோபின், மார்பிற் செவிமடுக்கத் தெரிந்த ஒருவர் ஆகியவை உடன் செல்லவேண்டும். கொடுத்த குப்பிகளின் எண்ணிக்கையும் நேரமும் கழுத்துச் சோதனையின் முடிவும் எழுதிய தாள், நஞ்சுக் குப்பியின் சீட்டுடன் சேர்த்து அனுப்பப்படவேண்டும். எடுத்துக்காட்டிற் கண்ட ஒருவருக்கே முதல் அரைமணியில் 27 குப்பிகள் செலவாயின. தெளிப்புக் காலம் தொடங்குமுன் தம் நிலைய அலமாரியில் எத்தனை உள்ளன என எண்ணிப் பார்ப்பது செவிலியரின் கடமையாகும்.