தொண்ணூறு விநாடியில் "உங்களைப் பற்றி"

தம்பி தங்கைகளே, இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவில் முதல் கேள்வி பெரும்பாலும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான். உடனே நம்மில் பலர் பிறந்த ஊர், அப்பாவின் வேலை, அண்ணன் தம்பி எத்தனை பேர் என்று ஆரம்பித்துவிடுகிறோம். அது பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்ல வேண்டிய பதில்! இங்கே கேட்பவருக்குத் தெரிய வேண்டியது, நீங்கள் எந்த வேலையைச் செய்யக்கூடியவர் என்பது மட்டும்தான்.

முழுப் பதிலுக்கும் 90 விநாடி போதும். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் சுமார் 200 சொற்கள் வரும். முதல் 15 விநாடியில் இப்போது என்ன படிக்கிறீர்கள், எதில் ஆர்வம் என்று சொல்லுங்கள். அடுத்த 50 விநாடி, நீங்கள் செய்த ஒரே ஒரு வேலைக்கு. மீதி 25 விநாடி, ஏன் இந்தக் கம்பெனி என்பதற்கு.

நடுப்பகுதிதான் பதிலின் உயிர். கூலிமில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் போகும் மெக்கட்ரானிக்ஸ் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். "நாங்கள் போத்தல் பிரிக்கும் கன்வேயர் ஒன்று செய்தோம், நல்ல அனுபவம்" என்று அவள் சொன்னால், கேட்பவர் மனதில் ஒன்றும் நிற்காது. இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்:

"நாலு பேர் சேர்ந்து போத்தல் பிரிக்கும் கன்வேயர் செய்தோம். சென்சார் என் பொறுப்பு. காலையில் சரியாக வேலை செய்தது, மத்தியானம் 100 போத்தலில் 14 தவறாகப் போனது. ஜன்னல் வெயில் இன்ஃப்ராரெட் சென்சாரில் படுகிறதா என்று சந்தேகப்பட்டு, திரையை இழுத்து மூடி மறுபடி ஓட்டினேன், தவறு குறைந்தது. பிறகு சென்சாரைச் சுற்றிக் கறுப்பு மறைப்பு வைத்தேன். தவறு 2 ஆனது."

இதில் பிரச்சினை, காரணம், சோதித்த விதம், முடிவு எல்லாம் இருக்கு. முக்கியமாக, "நான்" இருக்கு. தனியாகப் பெருமை பேசக்கூடாது என்று வளர்ந்ததால் நாம் எல்லாவற்றையும் "நாங்கள்" என்றே சொல்வோம். அடக்கம்தான், ஆனால் உங்கள் பங்கு எதுவென்று கேட்பவருக்குப் புரியாது. குழு செய்ததை "நாங்கள்" என்றும், நீங்கள் செய்ததை "நான்" என்றும் பிரித்துச் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் எச்.ஆர். அதிகாரி என்றால் "இன்ஃப்ராரெட்" என்ற சொல்லை விட்டுவிடலாம். வெயில் கதை அவருக்கும் புரியும்.

காட்டுவதற்கு புராஜெக்ட் இல்லையா? தைப்பூசத் தண்ணீர் பந்தலில் ஐஸ் கணக்குப் பார்த்தது உங்கள் பொறுப்பு என்றால், அதையும் இதே வரிசையில் சொல்லலாம்.

கடைசி 25 விநாடியில் அந்த மாணவி, "உங்கள் தொழிற்சாலையில் கேமராவால் பரிசோதனை செய்வதாகப் படித்தேன். அங்கேயும் வெளிச்சம்தான் பெரிய தொல்லையாக இருக்கும் என்று நினைக்கிறேன்" என்று முடிக்கலாம். "அவ்வளவுதான் சார்" என்று முடிப்பதைவிட இது நல்லது. அடுத்த கேள்வி அவளுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே வரும்.

வீட்டில் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். 20 விநாடி ஆகியும் புராஜெக்ட் தொடங்கவில்லை என்றால் முன்பகுதியை வெட்டுங்கள். 110 விநாடி ஓடினாலும் வெட்ட வேண்டியது படிப்பு விவரத்தைத்தான், சென்சாரை அல்ல. முழுசாக மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு கேள்வி வந்தால் தொடர்பு அறுந்துவிடும். ஒவ்வொரு பகுதியின் முதல் வாக்கியம் மட்டும் மனதில் இருக்கட்டும்.