தட்டணுக்களும் டெங்குக் காய்ச்சலும்

டெங்குக் காய்ச்சல் கண்டவரின் வீட்டில் நாள்தோறும் எழும் முதல் கேள்வி, “இன்று தட்டணு எவ்வளவு?” என்பதே. எண்ணிக்கை ஓர் இலட்சத்திற்குக் கீழே இறங்கியதும், தட்டணு ஏற்ற வேண்டுமென உறவினர் பதறுவர். கொடையாளர்களைத் தேடி அலைவர். ஆனால், டெங்குவில் உயிருக்கு வரும் ஆபத்தை அந்த எண் மட்டுமே உணர்த்துவதில்லை.

தட்டணு குறைவது ஏன்?

நலமுள்ள ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் நான்கு இலட்சம் வரை தட்டணுக்கள் உள்ளன. இரத்தக்குழாயில் கீறல் ஏற்பட்டால் அங்கே ஒன்றுகூடி அடைப்பது இவற்றின் பணி. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் இவை ஏழு முதல் பத்து நாள்களே வாழ்கின்றன. ஆகவே, உற்பத்தியும் அழிவும் இடையறாது நிகழ்ந்தவண்ணம் உள்ளன.

டெங்கு வைரசு இவ்விரண்டையும் குலைக்கிறது. காய்ச்சலின் தொடக்க நாள்களில் எலும்பு மஜ்ஜையின் செயல் மந்தமாகிப் புதிய தட்டணுக்களின் வரவு குறைகிறது. அதே வேளையில், வைரசை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் சில, தட்டணுக்களின் மீதும் ஒட்டிக்கொள்கின்றன. அவ்வாறு குறியிடப்பட்டவற்றை மண்ணீரலும் கல்லீரலும் வடிகட்டி அழித்துவிடுகின்றன. வரவு சுருங்கிச் செலவு பெருகுவதால் எண்ணிக்கை சரிகிறது. பொதுவாக ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் அது மிகத் தாழ்ந்த நிலையை அடைந்து, பின்னர்த் தானாகவே உயரத் தொடங்குகிறது.

உண்மையான ஆபத்து எது?

டெங்குவில் பெரும்பாலும் உயிருக்கு ஊறு விளைவிப்பது, நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்து பிளாஸ்மா வெளியே கசிவதாகும். காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்கும் இக்கசிவு, ஒன்று அல்லது இரண்டு நாள் நீடிக்கும். நீர்ப்பகுதி வெளியேறுவதால் எஞ்சிய இரத்தம் கெட்டியாகிறது. இதனைக் காட்டுவது ‘ஹெமட்டோகிரிட்’ என்னும் அளவு. இரத்தத்தின் கன அளவில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்பதே அது.

எடுத்துக்காட்டாக, ஓர் இளைஞரைக் கருதுவோம். மூன்றாம் நாளில் அவருடைய தட்டணுக்கள் 1,40,000, ஹெமட்டோகிரிட் 40. ஐந்தாம் நாளில் காய்ச்சல் இறங்குகிறது, வீட்டார் மகிழ்கின்றனர். ஆயினும், அவர் ஓயாது வாந்தியெடுக்கிறார், வயிறு வலிக்கிறது, சிறுநீர் குறைகிறது. தட்டணுக்கள் 45,000, ஹெமட்டோகிரிட் 48. அதாவது, இரத்தத்தின் செறிவு ஐந்தில் ஒரு பங்கு கூடியுள்ளது. அவருக்கு அப்போது தேவைப்படுவது நாளத்தின் வழியே அளந்து செலுத்தப்படும் உப்புநீர்மமே. ஆறாம் நாளில் தட்டணுக்கள் 18,000 ஆகச் சரிகின்றன. எனினும், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சீராக உள்ளன, ஹெமட்டோகிரிட் 42க்குத் திரும்புகிறது, குருதிக்கசிவும் இல்லை. மருத்துவர் தட்டணு ஏற்றாமல் கண்காணிக்கிறார். எட்டாம் நாளில் எண்ணிக்கை 60,000 ஆக உயர்கிறது.

ஏற்ற வேண்டியது எப்போது?

குருதிக்கசிவு இல்லாதவருக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவது பயன்தருமா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், 20,000 அல்லது அதற்கும் குறைந்த தட்டணுக்கள் கொண்ட 372 பேரிடம் இக்கேள்வி ஆராயப்பட்டது. 2017இல் வெளியான அதன் முடிவின்படி, தட்டணு ஏற்றியது குருதிக்கசிவைத் தடுக்கவில்லை. ஒவ்வாமை போன்ற தீங்குகளே ஏற்றப்பட்டவர்களிடம் மிகுந்திருந்தன. ஏற்றப்பட்ட தட்டணுக்களும் அதே எதிர்ப்பொருள்களால் விரைவில் அழிந்துபோகக்கூடும். மேலும், கசிந்த பிளாஸ்மா குழாய்களுக்குள் திரும்பும் வேளையில் மிகுதியாக ஏற்றப்படும் நீர்மம், நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கலாம்.

மாறாக, 50,000 தட்டணுக்கள் உள்ள ஒருவர் கருநிறமாக மலம் கழிக்கிறார் அல்லது இரத்த வாந்தி எடுக்கிறார் எனில், நிலைமை வேறு. அவருடைய ஹெமட்டோகிரிட் திடீரெனச் சரிந்து இரத்த அழுத்தமும் குறைந்தால், உள்ளுறுப்பில் குருதி ஒழுகுவதை அது உணர்த்தும். அவருக்கு முதலில் வேண்டுவது இரத்தம். கசிவு நிற்காதபோது தட்டணுக்களும் தேவைப்படும். கசிவே இல்லாவிடினும், எண்ணிக்கை 10,000க்குக் கீழே போகும்போது ஏற்றுவதை இந்திய மருத்துவ வழிகாட்டுதல் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ஈறிலோ மூக்கிலோ சிறிதளவு கசிந்து நிற்பதும், தோலில் செம்புள்ளிகள் தோன்றுவதும் மட்டுமே தட்டணு ஏற்றுவதற்குப் போதிய காரணமாகா.

ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலிநீக்கிகள் குருதிக்கசிவைத் தூண்டுவதால், டெங்குக் காய்ச்சலில் அவற்றைத் தவிர்த்து மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் மட்டுமே தரப்படுகிறது. காய்ச்சல் தணிந்த பின்னரும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அடுத்த பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வேண்டும்.